பார்த்தது எது, நினைத்தது எது: கன்வேயர் காயத்துக்கு முதல் அறிக்கை

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தேங்காய் நார் மில்லில் நைட் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்று இரவு நார்த்தூளைக் கொண்டுபோகும் பித் கன்வேயரில் ஒரு தொழிலாளிக்குக் கை மாட்டிக் காயம். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை, சத்தம் கேட்டு ஓடினேன். "தூக்கக் கலக்கத்தில் கார்டைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்தாமல், கவனக்குறைவாகக் கையை விட்டதால் வலது கை எலும்பு முறிந்தது" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "நீ பார்த்ததை மட்டும் எழுது" என்று மேனேஜர் திருப்பித் தந்துவிட்டார். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன்? எதை மாற்றணும்?

பதில்:

அந்த வாக்கியத்தில் நீங்கள் கண்ணால் பார்த்தது "வலது கை" என்ற இரண்டு சொல் மட்டும்தான். மற்றவை எல்லாம் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே கிடந்ததை வைத்து மனதுக்குள் கட்டிக்கொண்ட கதை. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அறிக்கையைப் படிப்பவருக்கு எந்தச் சொல் கண்ணிலிருந்து வந்தது, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மேனேஜர் திருப்பித் தந்தது சரி. ஆனால் "பார்த்ததை மட்டும் எழுது" என்பதும் போதாது. நீங்கள் பார்க்காத பலவற்றையும் எழுதியாக வேண்டும். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து, எதிலிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு எழுத வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எனக்கு எப்படித் தெரியும்? பதில் நான்கில் ஒன்றாக இருக்கும். நானே பார்த்தேன் அல்லது கேட்டேன்; இன்னார் சொன்னார்; அளந்தேன் அல்லது பதிவேட்டில் இருக்கிறது; அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. நான்காவது வகை முழுவதையும் விபத்து விவரத்திலிருந்து எடுத்து, தனிப் பத்தியில் ஊகம் என்று பெயர் போட்டு வையுங்கள்.

இதை உங்கள் வாக்கியத்தின் மேலேயே செய்து பார்க்கலாம். உங்கள் மில்லின் அளவுகள் எனக்குத் தெரியாது. பெரும்பாலான நார் மில்லில் இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். சலிக்கும் டிரம்முக்கு அடியில் விழும் பித்தை வெளிக்களத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட். பித் விழும் முனையில் டெயில் டிரம், கொட்டும் முனையில் மோட்டாரோடு ஹெட் டிரம். ஸ்டார்ட்டர் பெட்டி ஹெட் பக்கத் தூணில். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் அறிக்கையில் நீங்கள் டேப் பிடித்து அளந்த எண்தான் வர வேண்டும்.

"தூக்கக் கலக்கத்தில்." இன்னொருவரின் உடம்புக்குள் இருந்த நிலையை யாரும் பார்க்க முடியாது. இரவு ஷிப்ட் என்பதால் வந்த ஊகம் இது. எழுதக்கூடியது: வருகைப் பதிவேட்டின்படி அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், அதற்கு முந்தைய ஷிப்ட்டும் பார்த்தாரா, காயம்படும்வரை எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது. இரட்டை ஷிப்ட் பார்த்தவர் என்றால் அந்த எண்ணே பேசும். படிப்பவர் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறார் என்பது அவர் பொறுப்பு.

"கார்டைக் கழற்றிவிட்டு." நீங்கள் பார்த்தது, டெயில் டிரம்மின் பக்கவாட்டுக் கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் மறைக்கும் தடுப்பு, அதன் இடத்தில் இல்லை, தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது என்பது மட்டும். யார் கழற்றினார், எப்போது கழற்றினார் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் பேரிங் மாற்ற வந்த மெக்கானிக் கழற்றி, திரும்ப மாட்டாமல் போயிருக்கலாம். இதைச் சரிபார்க்கக் கண்ணுக்கு எதிரே தடயம் இருக்கும். போல்ட் நான்கும் பக்கத்தில் கிடக்கின்றனவா, காணோமா? போல்ட் துளைகளில் பித் தூள் அடைந்து காய்ந்து கிடக்கிறதா, உலோகம் பளிச்சென்று இருக்கிறதா? கார்டு சாய்ந்திருந்த இடத்தில் தரையில் அதன் அடிவிளிம்பு வடிவத்துக்குத் தூள் படியாமல் இருக்கிறதா? "நான்கு துளைகளிலும் காய்ந்த பித் அடைத்திருந்தது, போல்ட் எதுவும் அருகில் இல்லை" என்று எழுதுவது பார்த்தது. "ஆகவே கார்டு அன்றைக்குக் கழற்றியதல்ல" என்பது ஊகம். வலுவான ஊகம்தான், இருந்தாலும் அதன் இடம் ஊகப் பத்தி.

இந்த ஒரு சொல்லில் பணமும் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருந்த ஒரு விலக்கு, அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் உண்டு. மரணமோ முழு நிரந்தர ஊனமோ அல்லாத காயத்தில், பாதுகாப்புக் கார்டு என்று தெரிந்தே தொழிலாளி அதை வேண்டுமென்றே அகற்றியதுதான் நேரடிக் காரணம் என்று நிறுவினால், முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியதற்கும், குடித்திருந்ததற்கும் அதே விலக்கு. இ.எஸ்.ஐ. இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கையில், யாரும் பார்க்காத ஒன்றை நீங்கள் எழுதிய "கழற்றிவிட்டு" என்ற சொல் அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

"ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை." நீங்கள் போனபோது பெல்ட் நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? நின்றிருந்தால், காயம்பட்ட நொடியில் அது ஓடியது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கை உள்ளே இழுபட்டிருப்பதால் பெல்ட் நகர்ந்தது நிச்சயம். ஆனால் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்ததா, நின்ற பெல்ட்டில் அவர் நாரைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஹெட் பக்கத்தில் யாரோ பச்சை பட்டனை அழுத்தினாரா? இரண்டும் முற்றிலும் வேறு விபத்துகள். முதலாவதில் கேட்க வேண்டியது, ஓடும் டிரம்மை ஏன் கை எட்டியது என்பது. இரண்டாவதில், ஸ்டார்ட்டரில் பூட்டு ஏன் இல்லை, பட்டனை அழுத்தியவருக்கு டெயில் முனை ஏன் தெரியவில்லை என்பது. "ஓடிக்கொண்டிருந்த" என்று எழுதிய உடனே இரண்டாவது சாத்தியம் விசாரணையிலிருந்தே காணாமல் போகிறது. பிறகு யாரும் அதைத் தேடமாட்டார்கள்.

இங்கே சீக்கிரம் அழிந்துபோகும் தடயம் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிறது. மோட்டார் எதனால் நின்றது? சிவப்பு பட்டனை யாராவது அழுத்தியிருக்கலாம், எமர்ஜென்சி கயிறு இழுபட்டிருக்கலாம், மெயின் ஸ்விட்ச் கீழே தள்ளியிருக்கலாம், அல்லது டிரம் இறுகி, மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகியிருக்கலாம். ரிலே எந்த நிலையில் இருந்தது, கயிறு ஸ்விட்ச் இழுபட்டு நின்றதா என்பதை அடுத்தவர் ரீசெட் அழுத்துவதற்கு முன்னால் பார்த்து, படம் எடுத்து, எழுதிவிடுங்கள். ரீசெட் ஆன பிறகு கேட்டால் எல்லோரும் "நான்தான் நிறுத்தினேன்" என்றோ, "தெரியாது" என்றோ சொல்வார்கள்.

"நிறுத்தாமல்", "கவனக்குறைவாக", "கையை விட்டதால்." இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழில் நம் பழக்கமான வாக்கிய அமைப்பே இங்கே நம்மை இழுத்துப் போகிறது. "-ஆமல்" என்று முடியும் எந்தச் சொல்லும், அவர் ஒன்றைச் செய்யவில்லை என்று அடித்துச் சொல்கிறது. ஒருவர் ஒன்றைச் செய்யவில்லை என்று சொல்ல, அந்த நேரம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "-ஆல்" என்று முடிவது காரணம் சொல்கிறது. காரணத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. "-ஆக" என்று வரும் கவனக்குறைவாக, அவசரமாக, அலட்சியமாக எல்லாம் மனநிலை. எழுதி முடித்ததும் இந்த மூன்று விகுதிகளையும் தேடி வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் வருவதில் பெரும்பகுதி ஊகமாகத்தான் இருக்கும். "வழக்கம்போல" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கம் என்ன என்பது வேறு, நேற்று என்ன நடந்தது என்பது வேறு.

"கையை விட்டார்" என்பதும் "கை இழுபட்டது" என்பதும் ஒன்றல்ல. கன்வேயரில் இது முக்கியமான இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈரப் பித் டெயில் டிரம்மில் ஒட்டும். நீளமான நார் டிரம்மின் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டே போகும். சுற்றிய நாரை விரலால் பிடித்து இழுக்கும்போது, நாரின் மறுமுனை ஷாஃப்ட்டிலேயே இருப்பதால், அது விரலைச் சுற்றினால் கையை டிரம்முக்குள் கொண்டுபோய்விடும். கையுறையின் நுனி மாட்டினாலும் அப்படித்தான். அவர் கையை உள்ளே விட வேண்டிய தேவையே இல்லை.

வேகத்தையும் அளந்து பார்க்கலாம். காயம்பட்டவரை அனுப்பி, தடயங்களைப் பதிவு செய்து, மேனேஜர் அனுமதித்து, கார்டு திரும்ப மாட்டிய பிறகு இதைச் செய்யுங்கள். பெல்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று வர எத்தனை வினாடி என்று ஐந்து முறை பாருங்கள். டிரம் மையங்களுக்கு இடையே 12 மீட்டர், டிரம் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் பெல்ட்டின் முழு நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். சுற்றுக்கு 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 1.25 மீட்டர். அந்த வேகத்தில் 20 சென்டிமீட்டரைக் கடக்க 0.16 வினாடி. கண்ணால் கண்டதற்குக் கை எதிர்வினை காட்டவே ஏறக்குறைய 0.2 வினாடியாவது ஆகும். விரலில் நார் சுற்றியிருந்தால், முழு விழிப்போடு இருப்பவரும் மணிக்கட்டு வரை போகும் முன் இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. "கவனக்குறைவு" என்று நீங்கள் எழுதிய இடத்தில், யார் நின்றாலும் இதுவே நடந்திருக்குமா என்ற கேள்வி இருக்கிறது. அளவை எழுதும்போது "விபத்துக்குப் பிறகு, பித் இல்லாத வெற்று பெல்ட்டில் அளந்தது" என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும்.

"எலும்பு முறிந்தது." இது எக்ஸ்ரே பார்த்த டாக்டரின் முடிவு. நீங்கள் பார்த்தது: வலது புறங்கையில் தோல் உரிந்து ரத்தம், மணிக்கட்டு வீக்கம், நடுவிரலையும் மோதிரவிரலையும் அசைக்க முடியவில்லை என்று அவர் சொன்னது. மருத்துவமனைச் சீட்டு வந்ததும், "அரசு மருத்துவமனைச் சீட்டின்படி" என்று தொடங்கி, அதில் எழுதியிருப்பதை அப்படியே சேர்க்கலாம். சீட்டு வருவதற்கு முன் "சின்னக் காயம்" என்று எழுதுவதும் அதே தவறு. அளவைக் குறைத்துச் சொல்வதும் ஊகம்தான்.

இனி, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைப் பற்றி. இதைத்தான் முதல்முறை எழுதுபவர்கள் முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள். கையை வெளியே எடுக்க நீங்கள் ஏதாவது செய்தே இருப்பீர்கள். டெயில் முனையின் டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தியிருப்பீர்கள், பெல்ட்டைக் கையால் பின்னால் தள்ளியிருப்பீர்கள், நாரைக் கத்தியால் அறுத்திருப்பீர்கள், கையுறையை வெட்டியிருப்பீர்கள். இவை எதுவும் தப்பல்ல, செய்தே ஆக வேண்டியவை. ஆனால் எழுதாமல் விட்டால், அடுத்த நாள் வருபவர் தளர்ந்த பெல்ட்டைப் பார்த்து, "பெல்ட் லூசாக ஓடியிருக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் கை வைத்திருக்கிறார்" என்று புதிய கதை ஒன்றைக் கட்டுவார். மீட்பின்போது மாற்றியவை என்று ஒரு பத்தி போட்டு, எந்தப் பக்கப் போல்ட்டை யார் எத்தனை சுற்றுத் தளர்த்தினார் என்பதுவரை எழுதுங்கள். கையுறையையும் அறுத்த நாரையும் பையில் போட்டு, எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு என்று சீட்டு ஒட்டி வையுங்கள்.

நேரம் எழுதும்போது எந்தக் கடிகாரம் என்று சொல்லுங்கள். மில் சுவர்க் கடிகாரம் பல நிமிடம் தள்ளி ஓடும். ஆம்புலன்ஸுக்கு 108 அழைத்த நேரம், மேனேஜரை அழைத்த நேரம் இரண்டும் உங்கள் போன் பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றை நங்கூரமாக வைத்துக்கொண்டு, "அழைப்பதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்பு சத்தம் கேட்டது, இது என் மதிப்பீடு" என்று எழுதலாம். படம் எடுக்கும்போது முதலில் தூரத்திலிருந்து முழு இடமும் தெரியும்படி, பிறகு டெயில் முனை மட்டும், கடைசியில் கிட்டே டேப்பை விரித்து வைத்து எடுங்கள். கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த டிரம் என்றே பிறகு தெரியாது.

சாட்சிகளிடம் கேட்பதில் பாதி அறிக்கை கெட்டுப்போகிறது. டீக்கடையில் கூடிப் பேசிவிட்டால் மூன்று பேரின் நினைவும் ஒரே கதையாகிவிடும். அதற்குமுன் தனித்தனியாகக் கேளுங்கள். "ஓடும்போதா கையை விட்டார்?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும், அதுவும் சூப்பர்வைசர் கேட்டால். "நீங்க எங்க நின்னீங்க? என்ன வேலை பண்ணிட்டிருந்தீங்க? முதல்ல எதைக் கேட்டீங்க, எதைப் பார்த்தீங்க? அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், நல்ல தமிழாக்க வேண்டாம். மலையாளத்தில் சொன்னால் அவர் சொன்னபடியே மலையாளத்தில் எழுதச் சொல்லி, பக்கத்தில் தமிழில் வையுங்கள். காயம்பட்டவர் ஒடியாக்காரராகவோ அசாம்காரராகவோ இருந்து, இந்தி தெரிந்த இன்னொரு தொழிலாளி வழியாகப் பேசினால், மொழிபெயர்த்தவர் யார், அவர் விபத்து நடந்த இடத்தில் இருந்தவரா என்பதையும் எழுத வேண்டும். இடத்தில் இருந்தவர் என்றால் தன் நினைவையும் கலந்து சொல்ல வாய்ப்பு உண்டு. முடிந்தால் வேறு ஒருவரை வைத்துக் கேளுங்கள்.

பிறகு ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள்: சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்தில் நீங்களே போய் நின்று பாருங்கள். உதாரணமாக, மட்டை போடும் மேடையில் நின்றவர் "அவர் குனிஞ்சு கையை விட்டதைப் பார்த்தேன்" என்கிறார். அங்கே போய் நின்றால் சலிக்கும் டிரம் மறைக்கிறது, டெயில் முனையில் நிற்பவரின் தோளுக்கு மேல்தான் தெரிகிறது. சாட்சி பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமல்ல. குனிந்ததைப் பார்த்திருப்பார், கை போனதைப் பின்னால் நடந்ததிலிருந்து சேர்த்திருப்பார். அவர் சொன்னதை மாற்றாதீர்கள். "மேடையிலிருந்து டெயில் டிரம் தெரிவதில்லை, நான் நின்று பார்த்தேன், படம் இணைத்துள்ளேன்" என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிச் செய்தால் அறிக்கை ஏறக்குறைய இந்த உருவத்துக்கு வரும். அதிகாரப் படிவத்தில் இடம் போதாது, தனித்தாளில் எழுதி இணையுங்கள்.

"நான் பார்த்ததும் கேட்டதும்: நார் பேல் கட்டும் இடத்தில் நின்றிருந்தேன். டெயில் முனைப் பக்கமிருந்து அலறல் கேட்டது. என் போனில் 108 அழைப்பு இரவு 11.47, அலறல் அதற்கு ஏறக்குறைய 5 நிமிடம் முன்பு, இது என் மதிப்பீடு. நான் போனபோது பெல்ட் நின்றிருந்தது. அவருடைய வலது கை மணிக்கட்டுவரை டெயில் டிரம்முக்கும் பெல்ட்டின் அடிப்பக்கத்துக்கும் இடையில் இருந்தது. நூல் கையுறை அணிந்திருந்தார். ஷாஃப்ட்டிலிருந்து வந்த நார் அதைச் சுற்றியிருந்தது. பக்கக் கார்டு டிரம்மிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிச் சுவரில் சாய்ந்திருந்தது. நான்கு துளைகளிலும் காய்ந்த பித். போல்ட் காணவில்லை. எமர்ஜென்சி கயிறு ஸ்விட்ச் இழுபடாத நிலையில் இருந்தது. கை டிரம்முக்குள் போனதை நான் பார்க்கவில்லை.

மீட்பின்போது மாற்றியவை: மெயின் ஸ்விட்சை நான் ஆஃப் செய்து பூட்டினேன். இடப்பக்க டென்ஷன் போல்ட்டை மெக்கானிக் நான்கு சுற்றுத் தளர்த்தினார். நாரையும் கையுறையையும் கத்தியால் அறுத்தோம்.

சொன்னவை: காயம்பட்டவர், ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது, 'நாரை இழுத்தேன், அது என் கையை இழுத்துச்சு' என்றார். முன்பே பெல்ட் ஓடியதா என்று அப்போது கேட்கவில்லை. சாட்சி 1: 'கத்தினதும் சிவப்பு பட்டனை நான்தான் அமுக்கினேன், அதுக்கு முன்னாடி பெல்ட் ஓடிட்டிருந்துச்சு, எப்ப ஆன் பண்ணாங்கன்னு தெரியாது.' சாட்சி 2: 'குனிஞ்சு கையை விட்டதைப் பார்த்தேன்' (அவர் நின்ற மேடையிலிருந்து டெயில் டிரம் தெரிவதில்லை).

பதிவேடு: வருகை இரவு 8.00. பராமரிப்புப் பதிவேட்டில் டெயில் பேரிங் மாற்றம் 9 நாளுக்கு முன்பு. கார்டு திரும்ப மாட்டியதாகக் குறிப்பு இல்லை.

இன்னும் தெரியாதவை: பெல்ட் விபத்துக்கு முன் நிறுத்தி மறுபடி ஓட்டப்பட்டதா, கார்டு எப்போது, யாரால் கழற்றப்பட்டது.

என் ஊகம்: பேரிங் மாற்றியபோது கழற்றிய கார்டு திரும்ப மாட்டப்படவில்லை. ஆதாரம், துளைகளில் காய்ந்த பித்தும் பதிவேடும். சரிபார்க்க, பேரிங் மாற்றிய மெக்கானிக்கிடமும் இடைப்பட்ட நாட்களின் ஷிப்ட் ஆட்களிடமும் கேட்க வேண்டும்."

இதில் "கை டிரம்முக்குள் போனதை நான் பார்க்கவில்லை" என்ற வரியைக் கவனியுங்கள். பலர் இதை எழுதத் தயங்குவார்கள், பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தெரியும் என்று. உண்மையில் மற்ற வரிகளை நம்ப வைப்பதே இந்த வரிதான். "தெரியாதவை" பத்தியும் அப்படியே. அங்கே எழுதியவைதான் மறுநாள் விசாரணையின் வேலைப் பட்டியல். நாரைக் கையால் பிடுங்குவது உங்கள் மில்லில் தினசரி நடப்பது என்றால் அதையும் மறைக்காதீர்கள். "நாரை ஓடும்போதே பிடுங்குவது வழக்கம் என்று மூன்று தொழிலாளர்கள் சொன்னார்கள்" என்று சொன்னவை பகுதியில் வைக்கலாம். ஆனால் அதை வைத்து, நேற்றும் அப்படித்தான் நடந்தது என்று எழுதக் கூடாது.

படிவத்தில் "விபத்தின் காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்ததும் கை தானாகக் "கவனக்குறைவு" என்று எழுதும். அங்கே உடம்புக்கும் இயந்திரத்துக்கும் இடையே நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "கன்வேயர் டெயில் டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் இடையில் வலது கை சிக்கியது. கார்டு இடத்தில் இல்லை. மற்றவை விசாரணையில், தனித்தாள் இணைப்பு." கட்டத்தை வெறுமையாக விட வேண்டாம், பிறகு வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

முழு விவரமும் கிடைக்கட்டும் என்று அறிக்கையை வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. காயம்பட்டவர் 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் அதிகாரிக்கு விபத்து அறிவிப்புத் தர வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. கேரளத்தில் அது தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறைக்குப் போகும். இ.எஸ்.ஐ. உள்ளவர் என்றால் மில்லின் விபத்துப் பதிவேட்டில் பதிந்து, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குத் தனி அறிக்கையும் போக வேண்டும். அனுப்புவது மேனேஜர் வேலை. ஆனால் மணிக்கட்டில் இப்படிக் காயம் என்றால் 48 மணி நேரம் தாண்டும் என்றே வைத்துக்கொண்டு, தெரிந்ததை இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

பிறகு தெரியவருவதை முதல் தாளில் திருத்தி எழுதாதீர்கள். முதல் தாள் அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதற்கான பதிவு. புதிய விவரத்துக்குத் தேதி, நேரம் போட்டுக் கூடுதல் தாள் வையுங்கள்: "மருத்துவமனையில் காயம்பட்டவரை மதியம் 3 மணிக்குச் சந்தித்தேன், பெல்ட் முதலில் நின்றிருந்தது என்றார்." முதல் தாளில் எழுத்துப்பிழையைத் திருத்துவது என்றாலும் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசினால் அடியில் என்ன இருந்தது என்ற சந்தேகம் தாள் முழுவதுக்கும் பரவும். நீங்கள் ஏற்கனவே கொடுத்துத் திரும்பி வந்த தாளையும் கிழிக்காதீர்கள். "திரும்பப் பெறப்பட்டது, பதிலாக இன்றைய அறிக்கை" என்று குறித்து அதே கோப்பில் வையுங்கள்.

சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் முன் அவரவர் சொன்ன பகுதியை மட்டும் அவரவர் மொழியில் படித்துக் காட்டுங்கள். மற்றவர் சொன்னதைக் காட்ட வேண்டாம். "இதில் நீங்க சொல்லாத எதாவது இருக்கா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் பலர், "நான் பார்க்கலைங்க, அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும், நேரத்தோடு, அவர் சொன்ன சொற்களிலேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.